ஒதியமரமும் தோட்டக்காரத் தாத்தாவும்

கேள்வி: எங்கள் தெருவில் இருக்கும் மரம் ஒவ்வொரு கோடையிலும் இலையை எல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கிறது. "நிழல் வேணும்ங்கிற நேரத்துல மரம் ஏம்ப்பா இப்படிச் செய்யுது?" என்று என் எட்டு வயது மகள் கேட்கிறாள். ஒரு குழந்தை வயதான தோட்டக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது மாதிரி சின்னக் கதையாகச் சொல்ல முடியுமா? கதை என்பதற்காக அறிவியல் தப்பாகிவிடக் கூடாது.

பதில்:

நான் தாவரவியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன். இலையுதிர் காலம் என்றாலே பிள்ளைகளின் பாடப் படங்களில் பனிநாட்டுச் சிவப்பு இலைகள்தான் வரும். நம் ஆறு பெரும்பொழுதுகளில் அப்படி ஒரு காலமே கிடையாது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில், அவ்வளவுதான். நம் ஊர் மரங்கள் குளிருக்குப் பயந்து இலையைக் கொட்டுவதில்லை, அதனால் கதையை நம் ஊர் மரத்தை வைத்தே சொல்கிறேன். உங்கள் தெரு மரம் எதுவென்று நீங்கள் எழுதவில்லை. நான் ஒதியமரத்தை எடுத்துக்கொள்கிறேன். உதியன் என்றும் சொல்வார்கள். கிளையை வெட்டி வேலியில் நட்டாலே தழைத்துவிடும் மரம். கதை நடக்கும் இடம் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம்.

மல்லியின் அம்மா அந்தப் பள்ளியில் டீச்சர். சாயங்காலம் எல்லோரும் போன பிறகும் அம்மாவுக்கு ஒரு மணி நேர வேலை இருக்கும். அந்த ஒரு மணி நேரமும் மல்லி தோட்டக்காரத் தாத்தாவின் பின்னால்தான் சுற்றுவாள்.

மாசி மாதம் பிறந்து நாலைந்து நாள் இருக்கும். சுற்றுச்சுவர் ஓரத்து ஒதியமரத்தில் இலை அநேகமாகத் தீர்ந்துவிட்டது. தாத்தா விளக்குமாற்றால் சருகைக் கூட்டிக்கொண்டிருந்தார். மல்லி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மரத்தடியில் கவிழ்த்தாள்.

"என்ன ஆத்தா, குடிக்கிற தண்ணிய ஊத்துற?"

"மரம் சாகப் போகுது தாத்தா. இலையே இல்ல."

தாத்தா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தார். தாழ்ந்து வந்த ஒரு சுள்ளியைப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் மேல்தோலை லேசாகச் சுரண்டினார். சாம்பல் நிறத் தோலுக்கு அடியில் பச்சையாக, ஈரமாகத் தெரிந்தது.

"இங்க தொட்டுப் பாரு. நனைஞ்ச மாதிரி இருக்கா? செத்த குச்சின்னா உள்ள மரநிறமாக் காஞ்சு கெடக்கும். வளைச்சாப் பட்டுன்னு ஒடியும். இது தூங்குது."

"தூங்குறதுக்கு இலையை ஏன் கொட்டணும்?"

"அத நாளைக்குக் காட்டுறேன். நாளைக்குச் சனிக்கிழமை, அம்மா வருவாங்கள்ல? வரும்போது ரெண்டு பாலிதீன் பை கொண்டா. உள்ள இருக்குறது தெரியிற மாதிரி வெள்ளைப் பை."

மறுநாள் காலை பதினோரு மணிக்கு நல்ல வெயில். ஒதியமரத்துக்குப் பக்கத்தில் ஒரு புங்கமரம், அது இன்னும் பச்சையாக இருந்தது. அதன் ஒரு கொப்பைப் பத்துப் பன்னிரண்டு இலையோடு பைக்குள் விட்டு, வாயைச் சணலால் இறுக்கிக் கட்டினார் தாத்தா. இன்னொரு பையை ஒதியமரத்தின் மொட்டைக் கிளை ஒன்றில் கட்டினார். மூன்று மணிக்கு இருவரும் போய்ப் பார்த்தார்கள். புங்கைப் பையின் உள்பக்கம் முழுக்கப் பனி பிடித்தது போல முத்துமுத்தாகத் துளிகள். அடி மூலையில் ஒரு கரண்டி தண்ணீர் சேர்ந்திருந்தது. ஒதியப் பை காலையில் கட்டினது போலவே இருந்தது.

"புங்கமரத்துக்கு வேர்க்குதா தாத்தா?"

"வேர்வை இல்ல ஆத்தா, அது விடுற மூச்சு. நீ கண்ணாடி முன்னால வாயத் தொறந்து ஊதுனா மங்குதுல்ல? இலைக்குக் கீழ்ப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத வாய் ஆயிரக்கணக்குல இருக்காம். காத்து உள்ள போனாத்தான் அது சோறாக்கும். காத்துக்காகத் தொறந்து வைக்கிற வாய் வழியாத் தண்ணி வெளிய போயிருது. பத்து இலைக்கு ஒரு கரண்டின்னா, முழு மரத்துக்கு எத்தன குடம்னு நீயே எண்ணிக்க."

மல்லி அண்ணாந்து பார்த்து எண்ண ஆரம்பித்து, முப்பதுக்கு மேல் விட்டுவிட்டாள்.

"ஐப்பசி கார்த்திகையில மழை பெய்யும். அப்ப எத்தன குடம் போனாலும் பரவாயில்ல, அடியில இருந்து ஏறிக்கிட்டே இருக்கும். தை முடிஞ்சா மண்ணு காஞ்சு போகுது. அப்பவும் இத்தன இலையும் வாயத் தொறந்துக்கிட்டே இருந்தா?"

"வாய மூடிக்கச் சொல்லலாம்ல?"

"மூடுதே. மூடிக்கிட்டா காத்து போகாது, சோறு ஆகாது. சும்மா உக்காந்திருக்குற இலைக்கும் தண்ணி கொஞ்சங்கொஞ்சமாக் கசியத்தான் செய்யும். வேலையும் பாக்காம தண்ணியையும் குடிச்சுக்கிட்டு இருக்குறவனை எத்தன நாளைக்கு வச்சிருக்க முடியும்?"

(இங்கே நான் குறுக்கே வருகிறேன். தாத்தா சொன்ன வாய்க்கு நம் பாடப் புத்தகத்தில் இலைத்துளை என்று பெயர். வேர் உறிஞ்சும் தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்த வழியாக ஆவியாகத்தான் போகிறது. "வேலையில்லாதவனை அனுப்புவது" என்ற உவமை எனக்கு அவ்வளவு பிடிக்காது, பிள்ளைகள் தங்கள் வீட்டில் வேலையில்லாமல் இருக்கும் மாமாவை நினைத்துக்கொள்வார்கள். ஆனால் கணக்கு அதுதான். வரவு நின்ற பிறகும் செலவு தொடர்கிற உறுப்பை மரம் வைத்துக்கொள்வதில்லை.)

ஒதியமரத்தில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு தாழ்ந்த கிளையில் கொஞ்சம் இலை. பாதி மஞ்சள், பாதி பச்சை. தாத்தா மல்லியைத் தூக்கிப் பிடித்தார்.

"அந்தப் பச்சை இலைய ஒண்ணு பிடிச்சு இழு."

இழுத்தாள். வரவில்லை. வேகமாக இழுத்தபோது கிளைத் தோலில் ஒரு நார் கிழிந்து கூடவே வந்தது. கிழிந்த இடம் ஈரமாகப் பளபளத்தது, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

"இப்ப அந்த மஞ்சளை."

தொட்டதுதான் தாமதம், காம்போடு கழன்று உள்ளங்கையில் விழுந்தது. பிசினும் இல்லை, காயமும் இல்லை. இலை இருந்த இடத்தில் காய்ந்து ஆறிய ஒரு வடு மட்டும் இருந்தது, அதற்குள் ஊசியால் குத்தினது போலச் சில புள்ளிகள்.

"இந்தப் புள்ளியெல்லாம் என்ன தாத்தா?"

"கிளையில இருந்து இலைக்குத் தண்ணி போன குழாய். பைப்பை மூடி போட்டு அடைச்சாச்சு. அடைச்சதுக்கு அப்புறம்தான் இலை விழுகும். பச்சையில நீ பிச்சப்ப மரத்துக்கு வலிச்சுது. இது அதுவாக் கழட்டிக் குடுத்தது."

"மஞ்சளாயிட்டுத்தான் விழணுமா?"

"வாடகை வீட்டைக் காலி பண்றப்போ பாத்திரம் பண்டத்தை எல்லாம் எடுத்துக்கிட்டுத்தானே பூட்டுவோம்? பச்சைய எல்லாம் பிரிச்சு மரம் உள்ள இழுத்துக்கும். மிச்சம் சக்கைதான் கீழ விழுகுது."

தாத்தாவின் பேச்சில் ஒரே ஒரு திருத்தம். "வலிச்சுது" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், மரத்துக்கு நரம்பு கிடையாது. மற்றதெல்லாம் சரி. காம்பு கிளையோடு சேரும் இடத்தில் குறுக்காக மெல்லிய உயிரணுக்களால் ஆன ஒரு படலம் இருக்கிறது. இலை முதிர்ந்து தளரும்போது அந்தப் படலத்தின் உயிரணுக்களை ஒட்டி வைத்திருக்கும் பசை கரைகிறது. கிளைப் பக்கம் தக்கை போன்ற ஒரு அடுக்கு மூடிக்கொள்கிறது. அதற்கு முன்பே இலையில் இருந்த நைட்ரஜன், பாஸ்பரஸில் ஏறக்குறைய பாதியை மரம் கிளைக்குள் திரும்ப எடுத்துவிடும். சுண்ணாம்புச் சத்து மட்டும் திரும்பி வராது, சருகோடு மண்ணுக்குப் போகும்.

பங்குனியில் புங்கமரமும் கொட்ட ஆரம்பித்தது. தாத்தா ஒரு நாளைக்கு இரண்டு தடவை கூட்டினார். அப்போதுதான் மல்லி ஒன்றைப் பார்த்தாள். கார்த்திகைக் காற்றில் முறிந்து, பாதித் தோலில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு புங்கங்கிளை. மற்ற கிளைகள் எல்லாம் மஞ்சள் இலையை உதிர்த்துக்கொண்டிருக்க, அதில் மட்டும் இலை எல்லாம் காய்ந்து, காப்பிக் கொட்டை நிறத்தில் சுருண்டு, அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

"தாத்தா, அந்தக் கிளை மட்டும் கொட்டவே இல்ல. அதுக்குத் தண்ணி நிறைய இருக்கா?"

தாத்தா கொஞ்ச நேரம் அந்தக் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கார்த்திகையிலயே செத்துப்போச்சு ஆத்தா. செத்த கிளை இலையைக் கொட்டாது. கொட்டுறதுக்கு உசிரு வேணும்."

கதையில் என்னைக் கேட்டால் இந்த இடம்தான் முக்கியம். உங்கள் மகளுக்கு வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைக் காட்டிவிடுங்கள். இலை காய்ந்துபோனதால் விழுவதில்லை. மரம் வேலை செய்து கழற்றிவிடுவதால் விழுகிறது. அந்தப் படலம் கரைய உயிருள்ள உயிரணுக்கள் வேண்டும், அதற்குச் சத்து செலவாக வேண்டும். முறிந்த கிளைக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. தெருவில் எந்தப் புங்கை, பூவரசு, தேக்குக் கிளை முறிந்து தொங்கினாலும் இதைப் பார்க்கலாம். ஒதியத்தில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்து ஏமாந்துவிடாதீர்கள். அதன் கிளையை வெட்டிப் போட்டாலும் வாரக்கணக்கில் சாகாது. ஏன் என்பது அடுத்து வருகிறது.

பங்குனி கடைசியில் ஒதியமரத்தின் மொட்டைக் கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாகச் சின்னப் பூக்கள் வந்தன. மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். கிட்டப் போனால்தான் பூவென்றே தெரியும்.

"இலை இல்லாம, மழை இல்லாம, பூக்குதே தாத்தா. தண்ணி எங்க இருந்து வந்துச்சு?"

தாத்தா அடிமரத்தை உள்ளங்கையால் தட்டினார்.

"இங்க இருந்து. இது வயித்துல தண்ணி வச்சிருக்குற மரம். ஒதி பெருத்தாலும் உத்தரம் ஆகாதும்பாங்க. உத்தரம்னா வீட்டுக் கூரையத் தாங்குற கட்டை. எவ்வளவு பருத்தாலும் இந்த மரத்தை வச்சு வீடு கட்ட முடியாது, மெத்துமெத்துன்னு இருக்கும். ஊருக்கு அது குறை. மரத்துக்கு அதுதான் தண்ணிப் பானை."

அன்றைக்குத்தான் நடுவதற்குப் போத்து வெட்டினார்கள். வேலியில் ஒரு இடைவெளி இருந்தது. தாத்தா மணிக்கட்டு பருமனில், தன் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கிளையை ஒரே வெட்டாக, தோல் நசுங்காமல் வெட்டினார். நாலு நாள் நிழலில் சாய்த்து வைத்து, வெட்டுவாய் காய்ந்த பிறகு ஒன்றரை அடிக் குழியில் நட்டு மண்ணை மிதித்தார். மேல் நுனியில் மல்லி சாணி அப்பினாள்.

"ஏன் தாத்தா இப்பவே? மழை வந்தப்புறம் நட்டா என்ன?"

"மழை வந்தா இலை விட்டுரும். சேத்து வச்சதெல்லாம் இலைக்குப் போயிரும். அப்ப வெட்டுனா குச்சிக்குள்ள ஒண்ணும் இருக்காது. தூங்குறப்ப வெட்டுனாத்தான் கட்டுச்சோத்தோட வரும்."

மல்லி தினமும் தண்ணீர் ஊற்ற வந்தாள். தாத்தா வாரத்துக்கு ஒரு சொம்புக்கு மேல் விடவில்லை. வேர் இல்லாத குச்சிக்கு அதிகம் ஊற்றினால் அடி அழுகிவிடும்.

சித்திரையில் பள்ளி விடுமுறை. விடைத்தாள் திருத்த அம்மா வந்த ஒரு நாள் மல்லியும் கூட வந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வெயில் கொளுத்துகிறது, மூன்று வாரமாக ஒரு சொட்டு மழை இல்லை, ஒதியமரம் அப்படியே மொட்டையாக நிற்கிறது. பக்கத்தில் புங்கமரம் எண்ணெய் தடவினது போலப் புது இலையோடு பளபளத்தது.

"தாத்தா! நீங்க சொன்னது தப்பு. தண்ணி இல்லன்னுதானே இலையைக் கொட்டுச்சு? இப்ப இன்னும் தண்ணி இல்லையே. இது எப்படி இலை விடுது?"

பிள்ளைகளிடம் எனக்குப் பிடித்தது இதுதான். பாதி உண்மையைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

தாத்தா சிரித்தார். "நான் சொன்னது பக்கத்து மரத்தோட கதை. இவன் கதை வேற. இவன் வேரு ஆழமாப் போயிருக்கு, அங்க ஈரம் இருக்கு. ஆனா அது கொஞ்சங்கொஞ்சமாத்தான் ஏறும். பழைய இலையப் பாத்தியா, கொப்புளமும் ஓட்டையுமா? அது வழியா, ஏறுற தண்ணியெல்லாம் வெளிய ஓடிக்கிட்டே இருந்துச்சு. அத்தனையையும் ஒரேடியாக் கழட்டிவிட்டான். போற வழிய அடைச்சதும் ஏறுற தண்ணி மரத்துக்குள்ளயே நிறைஞ்சுது. நிறைஞ்சதும் புதுத் தளிர் விட்டான்."

"ஓட்டைக் குடத்தை மாத்துன மாதிரியா?"

"அந்த மாதிரித்தான்."

இது தாத்தாவின் கற்பனை இல்லை. இலை உதிர்ந்தவுடன், மழையே இல்லாமல், அடிமரம் மறுபடி நீர் ஏறிக் கொஞ்சம் பருப்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆழ வேர்விடும் மரங்கள் அதனால்தான் கோடை உச்சியில் தளிர்க்க முடிகிறது. முதல் மழை வரும்போது அவை முழு இலையோடு தயாராக இருக்கும். ஒதியமரத்தின் வழி வேறு. அது சேமிப்பை வைத்துப் பூத்துக் காய்க்கும், இலைக்கு மட்டும் மழையை எதிர்பார்க்கும். ஒரே சுவர் ஓரம், ஒரே மண், ஆனால் இரண்டு கணக்கு. உங்கள் தெருவில் வேம்பு இருந்தால் இன்னொன்றும் பார்க்கலாம். மேட்டு நிலத்து வேம்பு மாசி பங்குனியில் நன்றாக உதிர்க்கும். கிணற்றடியிலோ சாக்கடை ஓரத்திலோ நிற்கும் வேம்பு பெரும்பாலும் பச்சையாகவே இருந்துவிடும்.

வைகாசிக் கடைசியில் இரண்டு கோடை மழை. ஆனியில் பள்ளி திறந்தபோது ஒதியமரத்தில் இலை வந்திருந்தது. மல்லி நட்ட போத்திலும் மூன்று இடத்தில் துளிர். அவள் குதித்துக்கொண்டு ஓடி, வேர் எவ்வளவு நீளம் என்று பார்க்க அதை அசைத்துப் பிடுங்கப் போனாள்.

"தொடாத!" தாத்தா இவ்வளவு சத்தம் போட்டு மல்லி கேட்டதே இல்லை. அருகில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "துளிர்த்திருச்சுன்னா வேர் விட்டிருச்சுன்னு அர்த்தமில்ல ஆத்தா. இது இன்னும் கட்டுச்சோறு. வேர் இப்பத்தான் நூலு மாதிரி வந்துக்கிட்டு இருக்கும். ஆட்டுனா அறுந்துபோகும். இன்னும் ரெண்டு மாசம் அதைத் தொடாம இருக்க முடியுமா உன்னால?"

மல்லி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அம்மா கூப்பிடும் வரை அப்படியே நின்று, அந்த மூன்று துளிரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதை இவ்வளவுதான். உங்களுக்கு ஒரு வார்த்தை. பை கட்டும் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். வெயிலில் பைக்குள் இலை வெந்துவிடும், அதனால் நாலு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். தெரு மரத்தைப் பட்டுப்போனது என்று யாராவது வெட்ட வந்தால், நாலைந்து கிளையில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், ஒரே சுள்ளியை வைத்து முடிவு செய்ய வேண்டாம். உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது வேறு. முறியாத, நேராக நிற்கிற மரத்தில் இலைகள் மஞ்சளாகாமல் பச்சையில் இருந்து நேராகப் பழுப்பாகி, விழாமல் தொங்கினால், மரம் கழற்றக்கூட நேரமில்லாமல் அடிபட்டிருக்கிறது. அப்போது கிளையைப் பார்த்துப் பயனில்லை. சமீபத்தில் குழாய்க்கோ கால்வாய்க்கோ மரத்தடியில் பள்ளம் தோண்டி வேரை வெட்டினார்களா என்று அடியைப் பாருங்கள்.